11-ஆம் நாள் இரவில் விழுந்த தட்டு ஸ்டாண்ட்

தட்டு ஸ்டாண்டைச் சுவரில் மாட்டி 11 நாள்கள் ஆகியிருந்தன. பின்னிரவில் சமையலறையிலிருந்து வந்த சத்தத்தில் அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். ஸ்டாண்ட் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் தலைகீழாகக் கிடந்தது. பீங்கான் தட்டுகளில் நான்கு உடைந்திருந்தன. சுவரில் இரண்டு பக்கமும் மேல் திருகு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது. திருகைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அது வளையவும் இல்லை, ஒடியவும் இல்லை. தன்னைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிளக்கையும் கூட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்திருந்தது.

பகல் முழுவதும் அம்மா அந்த இடத்தில்தான் நிற்கிறார். அந்த நினைப்பு என்னை அன்றைக்குத் தூங்கவிடவில்லை. விழுந்ததை அப்படியே திரும்ப மாட்டிவிடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஏன் விழுந்தது என்பது தெரிந்தாக வேண்டும்.

எங்கள் சமையலறையில் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஓர் அலமாரியைத் தவிர வேறு அலமாரி கிடையாது. மேடையின் நீளம் ஒன்றரை மீட்டர். அதில் அடுப்பும் தொட்டியும் போக மிஞ்சுவது ஒரு நறுக்குப் பலகை வைக்கும் இடம். எனவே சுவரை நம்புவதைத் தவிர வழியில்லை. தொட்டிக்கு மேலே தட்டு ஸ்டாண்ட், மேடைக்கு மேலே வாணலிகளும் சட்டிகளும் தொங்க ஒரு மீட்டர் நீளக் கம்பி, கரண்டிகளுக்குச் சின்னக் கொக்கிகள் என்று மூன்றையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் மாட்டினேன். ஸ்டாண்டின் பெட்டியில் 15 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. என் தட்டுகள் அவ்வளவு கனமில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக எடை பார்த்தேன். வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவி போதும். முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன். பிறகு தட்டுகள், கிண்ணங்கள், டம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். கூடையின் எடையைக் கழித்தால் பாத்திரங்கள் மட்டும் ஒன்பதரை கிலோ. ஸ்டாண்டின் சொந்த எடை இரண்டரை கிலோ. ஆக 12 கிலோ. அட்டைப்பெட்டி சொன்ன அளவுக்கு மூன்று கிலோ குறைவாகவே ஏற்றியிருக்கிறேன். பிறகு ஏன் விழுந்தது?

விடை சொன்னவர் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தச்சர். பெயர்ந்த சுவரைத் தடவிப் பார்த்தார். ஸ்டாண்டின் பிராக்கெட்டைக் கையில் வாங்கி அதன் உயரத்தைக் கட்டைவிரலால் அளந்தார். "சுவரில் அடித்த ஆணியை எப்படிப் பிடுங்குவீர்கள்?" என்று கேட்டார்.

"நெம்பித்தான், ஐயா."

"நீளமான கைப்பிடி, பக்கத்திலேயே ஊன்றிக்கொள்ள ஓர் இடம். அது போதும், எந்த ஆணியும் வந்துவிடும். உங்கள் ஸ்டாண்ட் 11 நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நீங்களே கருவியைச் செய்து மாட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்."

அவர் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஸ்டாண்ட் சுவரிலிருந்து 28 செ.மீ. முன்னால் நீள்கிறது. தட்டுகளின் பாரம் ஏறக்குறைய அதன் நடுவில், அதாவது சுவரிலிருந்து 14 செ.மீ. தள்ளி இறங்குகிறது. இது நெம்புகோலின் நீண்ட கை. பிராக்கெட்டோ சிறியது. அதன் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ளும் இடத்துக்கும் மேல் திருகுக்கும் நடுவில் 5 செ.மீ.தான். இது குட்டையான கை. பாரத்தை நீண்ட கையால் பெருக்கிக் குட்டைக் கையால் வகுத்தால், மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும் விசை கிடைக்கும். 12-ஐ 14-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 34. இரண்டு பிராக்கெட்டுகள் என்பதால் ஒவ்வொரு மேல் திருகையும் 17 கிலோ பாரம் இரவும் பகலும் நேராக வெளியே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இழுக்கும் திசைதான் இங்கே முக்கியம். சுவரில் பதிந்த திருகை கீழ்நோக்கி அழுத்தும் பாரம் எளிதில் அசைக்காது. அதே திருகை வெளிநோக்கி இழுத்தால், அதைப் பிடித்து வைத்திருப்பது பிளக்குக்கும் துளையின் சுவருக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. அட்டைப்பெட்டியிலிருந்த 15 கிலோ, ஸ்டாண்டின் கம்பிகள் வளையாமல் தாங்கும் அளவு. என் சுவரைப் பற்றி அந்தப் பெட்டிக்கு எதுவும் தெரியாது.

சுவரைப் பற்றி எனக்கும் தெரிந்திருக்கவில்லை. பெயர்ந்த குழியில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிமென்ட் பூச்சின் தடிமன் 18 மி.மீ. இருந்தது. ஸ்டாண்டுடன் வந்த பிளக்கின் நீளம் 30 மி.மீ. ஆக, செங்கல்லுக்குள் போனது வெறும் 12 மி.மீ. பாதிக்கும் மேற்பட்ட பிளக் பூச்சுக்குள் விரிந்து நின்றது. பூச்சு என்பது சுவருக்கு இட்ட மேற்பூச்சு. அது தன்னைத் தாங்கிக்கொள்ளும், பிறரைத் தாங்காது. பிளக் அதற்குள் விரியும்போதே அது உள்ளுக்குள் விண்டுபோகவும் வாய்ப்பு உண்டு.

விழுவதற்கு முன் அது மூன்று முறை என்னிடம் சொல்லிப் பார்த்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தொட்டியின் பின் விளிம்பில் மாவு போலச் சாம்பல் நிறத் தூசு கொஞ்சம் கிடந்தது. துடைத்துவிட்டேன். அடுத்த நாளும் கிடந்தது. அதன் பிறகு பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய இருட்டுக்கோடு தெரிந்தது. ஒரு தாளின் ஓரத்தை நுழைக்கலாம் போல் இருந்தது. மூன்றாவதை அம்மா கவனித்தார். "முன்பெல்லாம் தண்ணீர் பின்பக்கம் சொட்டும், இப்போது முன்னால் சொட்டுகிறதே" என்றார். ஸ்டாண்ட் முன்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே பாத்திரங்களை இறக்கிவிடுங்கள். திருகை இன்னும் ஒரு சுற்று முடுக்கிப் பார்க்காதீர்கள். இளகிய பிளக்குக்குள் திருகை முடுக்கினால் மிச்சமிருக்கும் பிடியும் அரைபட்டுப் போகும்.

இரண்டாம் முறை ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தபோது கடையில் நான் முதலில் பார்த்தது எத்தனை தட்டு நிற்கும் என்பதை அல்ல. பக்கச் சட்டம் எவ்வளவு உயரம் என்பதைப் பார்த்தேன். நான் வாங்கியதில் சுவரோடு ஒட்டி நிற்கும் பக்கச் சட்டம் மேலிருந்து கீழ்வரை ஒரே துண்டு. அதன் கீழ் முனை சுவரில் ஊன்றுமிடத்திலிருந்து மேல் திருகு 22 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதே 12 கிலோ, அதே 14 செ.மீ. ஆனால் இப்போது 22-ஆல் வகுக்கிறோம். விடை எட்டுக்கும் குறைவு. இரண்டு பக்கமும் பங்கிட்டால் ஒரு திருகுக்கு நான்கு கிலோகூட இல்லை. 17 கிலோ நான்காகக் குறைந்தது சட்டத்தின் உயரத்தால் மட்டுமே. சுவரில் நான் இன்னும் கை வைக்கவே இல்லை. சுவரில் மாட்டும் எந்தப் பொருளையும் வாங்கும்போது இந்த ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். முன்னால் எவ்வளவு நீள்கிறது, கீழே எவ்வளவு தூரத்தில் ஊன்றுகிறது. நீட்சி அதிகமாகவும் ஊன்றல் குறைவாகவும் இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய துளைகளை மறுபடி பயன்படுத்தவில்லை. அவற்றைச் சிமென்டால் அடைத்துவிட்டு, புதிய துளைகளை அங்கிருந்து 8 செ.மீ. தள்ளிக் குறித்தேன். துளை போடுவதற்கு முன் தச்சர் என்னை நிறுத்தி, சுவிட்ச் எங்கே இருக்கிறது, குழாய் எங்கிருந்து வருகிறது என்று காட்டச் சொன்னார். மின்கம்பிகளைப் பெரும்பாலும் சுவிட்சிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோ பக்கவாட்டிலோ கொண்டுபோயிருப்பார்கள். தண்ணீர்க் குழாய் தொட்டியின் குழாய்க்கு நேர்க்கோட்டில் சுவருக்குள் ஏறியிருக்கலாம். அந்தக் கோடுகளில் துளை போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சுவருக்குள் கம்பியும் குழாயும் இருப்பதைக் காட்டும் கருவியை இரவல் வாங்கியாவது பார்த்துவிட வேண்டும். என் சுவரில் தொட்டிக் குழாய்க்கு நேர் மேலே உள்ள பட்டையை முழுவதுமாக விட்டுவிட்டேன்.

இந்த முறை 8 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. நீளமும் கொண்ட பிளக். அதைப் பூச்சோடு நிறுத்தாமல், ஓர் ஆணித்தலையால் மெல்லத் தட்டி, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுதாக இறக்கினேன். பிளக் அவ்வளவும் செங்கல்லுக்குள் விரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். திருகு, சட்டத்தின் தகட்டையும் 18 மி.மீ. பூச்சையும் 40 மி.மீ. பிளக்கையும் கடந்து கொஞ்சம் வெளியே நீள வேண்டும். அப்போதுதான் பிளக்கின் நுனிவரை விரியும். அதற்கு 5 மி.மீ. தடிமனுள்ள 70 மி.மீ. திருகு சரியாக இருந்தது. துளை அதைவிடச் சற்று ஆழமாக, 75 மி.மீ. டிரில்லின் ஊசியில் அந்த அளவில் ஒட்டும் நாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தானாகத் தெரியும். மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் இந்த ஆழம் மறுபக்கம் போய்விடலாம். முதலில் கதவு நிலையருகே சுவரின் தடிமனை அளந்துகொள்ளுங்கள்.

துளை போடும்போது வெளியே வரும் தூளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தச்சரிடம் நான் கற்ற நல்ல பாடம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை. முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது பூச்சு. பிறகு செந்நிறத் தூள் வரும், அது செங்கல். செந்நிறம் கடைசிவரை தொடர்ந்தால் நல்ல இடம். என் மூன்றாவது துளையில் செந்நிறமே வரவில்லை. டிரில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. தூள் சாம்பல் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. இரண்டு செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்துக் கோட்டில் துளை விழுந்திருக்கிறது. சாந்து உதிரும், பிளக்கை இறுகப் பிடிக்காது. அந்தத் துளையைக் கைவிட்டு 4 செ.மீ. மேலே போட்டேன். சட்டத்தில் இரண்டாவது துளை இருந்ததால் அது முடிந்தது. அதுவரை தள்ளாடாமல் போன ஊசி திடீரென்று உள்ளே குதித்தால் அங்கே வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். உள்ளீடற்ற கற்களால் கட்டிய சுவர் அப்படித்தான் இருக்கும். அதற்குச் சாதாரண பிளக் உதவாது; வெற்றிடத்துக்குள் போய் முடிச்சுப் போட்டது போல மடங்கி விரியும் வகை வேண்டும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகைக்குப் பின்னாலுள்ள சட்டங்களைத் தேடிப் பிடித்து அவற்றில்தான் திருக வேண்டும். வெறும் பலகையில் தட்டு ஸ்டாண்ட் மாட்டவே கூடாது.

கீழ்த் திருகுகள் டைல்ஸ் பதித்த பகுதியில் வந்தன. அங்கே டிரில்லின் அதிர்வுப் பொத்தானை அணைத்துவிட்டு, டைல்ஸுக்கான ஊசியால், மேலே ஒட்டும் நாடா ஒட்டி, மெதுவாகச் சுழலவிட்டுத் துளைத்தேன். டைலைக் கடந்து போன பிறகுதான் அதிர்வைப் போட வேண்டும். டைலின் ஓரத்தில் துளையிட்டால் மூலை தெறித்துவிடும். விரலால் தட்டிப் பார்த்துப் பொள்ளென்று ஒலிக்கும் டைலையும் தவிர்க்க வேண்டும். அதன் பின்னால் சாந்து இல்லை, திருகை முடுக்கும்போதே அது விரிசல் விடும்.

துளைக்குள் இருந்த தூளை ஒரு சிறு தூரிகையால் வெளியேற்றினேன். முதல் முறை இதைச் செய்யவில்லை. தூள் உள்ளேயே இருந்தால் பிளக் சுவரைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மாட்டி முடித்ததும் பாத்திரங்களை ஏற்றிவிடவில்லை. சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் கூர்மையான பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். தொட்டிக்குள் பழைய போர்வை ஒன்றை விரித்தேன். பிறகு ஸ்டாண்டின் நடுவில் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் 8 லிட்டர் தண்ணீர் ஊற்றினேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. என் பாத்திரங்கள் ஒன்பதரை கிலோ. வாளிகளும் தண்ணீருமாக அதற்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் கோட்டைப் பார்த்தேன். கோட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விழவில்லை, தூசும் இல்லை. அதன் பிறகுதான் அம்மா தட்டுகளை அடுக்கினார்.

ஸ்டாண்டைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, திருகு. சட்டம் எவர்சில்வராக இருந்தாலும் கூடவே வரும் திருகு சாதாரண இரும்பாக இருக்கலாம். என் பழைய திருகுகளின் தலைக்குக் கீழே 11 நாளிலேயே துருக்கறை படிந்திருந்தது. தொட்டிக்கு மேலே எப்போதும் ஈரம் என்பதால் துருப்பிடிக்காத திருகுகளைத் தனியாக வாங்கினேன்; முடுக்குவதற்கு முன் துளையின் வாயில் சிறிது சிலிகான் பசை வைத்தேன். தண்ணீர் அந்த வழியாகச் சுவருக்குள் போகாது. காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்தர எவர்சில்வர் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். ஆனால் 304 என்ற நல்ல வகையிலும் 202 என்ற மலிவான வகையிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. இரண்டையும் அது பிரித்துக் காட்டாது. கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் தொடங்கும். இரண்டாவது, சொட்டும் இடம். ஸ்டாண்டின் பாத்திரம் நிற்கும் பகுதி தொட்டியின் வாய்க்கு உள்ளே அடங்க வேண்டும். எங்கள் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் 8 செ.மீ. மேடை இருக்கிறது, தட்டுகளைப் பின்பக்கம் சாய்த்து வைத்தால் தண்ணீர் அந்தப் பட்டையில் தேங்கிப் பாசி பிடிக்கிறது. தட்டின் கீழ் விளிம்பு முன்னால் வருமாறு நிறுத்தியதும் எல்லாம் தொட்டிக்குள்ளேயே சொட்டுகிறது.

வாணலிக் கம்பி விழவில்லை. ஆனால் அதையும் கழற்றி மறுபடி மாட்டினேன். கம்பி சுவரிலிருந்து 5 செ.மீ.தான் தள்ளியிருக்கிறது, அதில் தொங்கும் பாரம் பெரும்பாலும் சுவரை ஒட்டியே கீழே இறங்குகிறது, நெம்புவதற்கு நீண்ட கை இல்லை. அதனால்தான் ஏழு கிலோ பாத்திரங்களோடும் அது நின்றது. அதன் குறை வேறு. ஒரு மீட்டர் கம்பிக்கு இரண்டு முனைகளில் மட்டுமே பிடிப்பு இருந்ததால் நடுவில் தொய்ந்தது. தொய்ந்ததும் கொக்கிகள் எல்லாம் நடுவுக்கு வழுக்கி வந்து சேர்ந்தன. பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. நடுவில் மூன்றாவது பிராக்கெட் ஒன்றைச் சேர்த்ததும் தொய்வு நின்றது. அரை மீட்டருக்கு ஒரு பிடிப்பு என்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.

கம்பியின் இடத்தை முடிவு செய்வதற்கு நான் செய்த வேலையை யார் கேட்டாலும் சொல்வேன். தொங்கப்போகும் ஒவ்வொரு பாத்திரத்தையும் பழைய செய்தித்தாளில் வைத்து, கைப்பிடியோடு சேர்த்து வரைந்து வெட்டினேன். அந்தக் காகிதப் பாத்திரங்களைச் சுவரில் ஒட்டி மூன்று நாள் அப்படியே சமைத்தோம். முதல் நாளே இரண்டு தவறுகள் தெரிந்தன. பெரிய வாணலி கைப்பிடியோடு 45 செ.மீ. நீளம், அதன் அடி மேடையில் வைத்திருந்த டப்பாக்களை இடித்தது. இன்னொன்று, எனக்கு எட்டும் உயரம் அம்மாவுக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்காமல், தோளை நெளிக்காமல் அவர் கை சேரும் உயரத்தில் கொக்கி இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். கனமான பாத்திரத்தைக் கொக்கியிலிருந்து எடுக்க, தொங்கும் உயரத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே தூக்கியாக வேண்டும். எட்டிப் பிடிக்கும் உயரத்தில் மாட்டினால் அந்தத் தூக்கலில்தான் பிடி நழுவும். காகிதத்தை நகர்த்தி ஒட்டுவது எளிது. சுவரில் விழுந்த துளையை நகர்த்த முடியாது.

அடுப்புக்கு நேர் மேலே கம்பி வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும். எரியும் அடுப்பின் மேலே கையை நீட்டிப் பாத்திரம் எடுப்பது ஆபத்து. ஆனால் எவ்வளவு தள்ளி வைத்தால் எண்ணெய்ப் படலம் படியாது? அடுப்பின் ஓரத்திலிருந்து 20, 40, 60, 80 செ.மீ. தூரங்களில் வெள்ளைத்தாள் துண்டுகளை ஒட்டி ஒரு வாரம் விட்டேன். முதல் இரண்டும் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலாகியிருந்தன. 60-இல் சில புள்ளிகள். 80-இல் ஒன்றும் தெரியவில்லை. இது என் அடுப்புக்கும் என் சன்னல் காற்றுக்கும் உரிய அளவு. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும். ஒரு வாரமும் நான்கு தாள்களும் போதும், நீங்களே அறிந்துகொள்ளலாம். கம்பியின் அடுப்புப் பக்கத்துப் பகுதியை என்னால் அந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியவில்லை. அந்தப் பகுதியில் தினமும் கழுவும் பாத்திரம் மட்டுமே தொங்குகிறது. மாதம் ஒருமுறை எடுக்கும் பாத்திரத்தை அங்கே தொங்கவிட்டால், எடுக்கும் நாளில் அது பிசுபிசுத்துத் தூசு படிந்திருக்கும். சமைப்பதற்கு முன்பே கழுவ வேண்டியிருக்கும். சுவர் தினப் புழக்கத்துக்கு. மற்றவை தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் போய்விட்டன.

கொக்கியில் ஒரு சின்னத் திருத்தம் பெரிய எரிச்சலை நீக்கியது. பாம்பு போல வளைந்த இருமுனைக் கொக்கிகள், பாத்திரத்தை எடுக்கும்போது அதனோடு சேர்ந்து கழன்று வரும். சில நேரம் கீழே வைத்த சட்டிக்குள்ளேயே விழும். கொக்கியின் மேல் வளைவைக் குறடால் நெருக்கி, கம்பியை ஏறக்குறைய முழுதாகக் கவ்வும்படி செய்தேன். இப்போது கொக்கி நகரும், ஆனால் கழலாது. கீழ் வளைவு மட்டும் திறந்திருக்கிறது. பூச்சு பூசிய கொக்கியைக் குறடால் நெருக்கும்போது பூச்சு உரியும், உரிந்த இடம் துருப்பிடிக்கும். எனவே இதற்குப் பூச்சில்லாத எவர்சில்வர் கொக்கிதான் ஏற்றது. பாத்திரங்களை அகல வரிசையில் தொங்கவிடாமல் பெரியது, சிறியது, பெரியது என்று மாற்றி மாற்றித் தொங்கவிட்டதும் ஒரு மீட்டரில் நான்குக்குப் பதிலாக ஆறு அடங்கின. சிறியதன் அடி, இரண்டு பெரியவற்றின் கைப்பிடிகளுக்கு நடுவிலுள்ள காலி இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

கரண்டிகளுக்கு ஒட்டுக் கொக்கிகளே போதும். அவற்றை வழவழப்பான டைல்ஸில் மட்டும் ஒட்ட வேண்டும். வண்ணச் சுவரில் ஒட்டினால் பசை நன்றாகவே பிடிக்கும், வண்ணம்தான் உரிந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் கழுவி, உலர்ந்த பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் எதையும் மாட்டாமல் விட்டதில் எங்களுடையவை நிற்கின்றன. ஆவி நேராக அடிக்கும் இடத்தில் ஒட்டிய ஒன்று மட்டும் கழன்றது. அவற்றில் வாணலியை மாட்டும் ஆசை வேண்டாம்.

அடி கனத்த இரும்புச் சட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. எடை நான்கரை கிலோ. கம்பி அதைத் தாங்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் அம்மாவின் மணிக்கட்டு தோள் உயரத்தில் அதைத் தாங்காது. அது அலமாரியின் முன்வரிசையில், இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்கிறது.

சுவரிலுள்ள பென்சில் கோட்டை நான் அழிக்கவில்லை. வெள்ளைச் சுவரில் அது தனியாகத் தெரிகிறது என்று பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. மாதம் ஒருமுறை தட்டுகளை இறக்கிக் கழுவும்போது அம்மா கண்ணாடி அணிந்து அந்தக் கோட்டருகே குனிந்து பார்க்கிறார். தொட்டியின் பின் விளிம்பை விரலால் தடவி, விரல் நுனியில் சாம்பல் தூள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். இதுவரை ஈரம் மட்டும்தான்.